டுட்டோரியல் கணக்கு 13 மார்க் கேள்வியாக மாறும்போது

கேள்வி: பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுக்கிறேன். டுட்டோரியல் ஷீட்டில் இருந்த ஒரு பீம் கணக்கை அப்படியே எடுத்து 13 மார்க் போட்டு டெஸ்ட்டில் கொடுத்தேன். பாதிப் பேர் முடிக்கவே இல்லை. டுட்டோரியல், அசைன்மென்ட் கேள்விகளை மார்க்கும் நேரமும் சரியாக வரும்படி தேர்வுக் கேள்வியாக மாற்றுவது எப்படி?

பதில்:

13 மார்க் என்று போட்டபோதே நீங்கள் மாணவருக்கு 21 நிமிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி வழக்கமான தியரி தாளில் பார்ட் ஏ-யில் 2 மார்க் கேள்விகள் 10, பார்ட் பி-யில் 'அல்லது' வைத்த 13 மார்க் கேள்விகள் 5, பார்ட் சி-யில் 15 மார்க் கேள்வி 1. மொத்தம் 100 மார்க், 3 மணி நேரம். 180 நிமிடத்தில் தாளைப் படித்துத் தேர்ந்தெடுக்க 10 நிமிடமும், கடைசியில் ஒருமுறை பார்க்க 10 நிமிடமும் போனால் கையில் இருப்பது 160. ஆக ஒரு மார்க்குக்கு 1.6 நிமிடம். 2 மார்க்குக்கு 3 நிமிடம், 13-க்கு 21 நிமிடம், 15-க்கு 24 நிமிடம். இன்டர்னல் டெஸ்ட் எத்தனை மார்க்குக்கு நடந்தாலும் இந்த விகிதத்தை விட்டு விலகாதீர்கள். மாணவர் கடைசியில் உட்காரப்போவது அந்த 3 மணி நேரத் தாளுக்குத்தான்.

இப்போது டுட்டோரியல் கணக்கை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் கொடுக்கும் ஓவர்ஹாங்கிங் பீம் கணக்குதான். ஷீட்டில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மொத்தம் 8 மீட்டர் நீளமுள்ள பீம். தாங்கிகளுக்கு இடையே 6 மீட்டர், வலது பக்கம் 2 மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது. பீமின் மேல் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பரவல் பளு, வெளி முனையில் 15 கிலோநியூட்டன் புள்ளிப் பளு. ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமன்ட் வரைபடங்களை வரைக. கான்ட்ராஃப்ளெக்ஷர் புள்ளியைக் காண்க. குறுக்குவெட்டு 100 × 200 மில்லிமீட்டர் என்றால் அதிகபட்ச பெண்டிங் ஸ்ட்ரெஸ் என்ன? ஷியர் ஸ்ட்ரெஸ் எப்படிப் பரவியிருக்கும்? வெளி முனைப் பளுவைக் கூட்டினால் என்ன ஆகும்?"

டுட்டோரியல் வகுப்பில் இது அருமையான கணக்கு. 50 நிமிடம் ஓடும். நீங்கள் போர்டில் படம் போடுவீர்கள், "முதல்ல இடது தாங்கியைச் சுத்தி மொமன்ட் எடுங்க" என்பீர்கள், நடுவில் ஒருவன் குறி தப்பாகப் போட்டால் அங்கேயே திருத்துவீர்கள். அந்த உதவி எதுவும் தாளில் எழுதப்படவில்லை, ஆனால் கணக்கு அதன் மேல்தான் நிற்கிறது. தேர்வு ஹாலில் அந்த உதவி இல்லாமல் அதே கணக்கு நிற்கும்போது இரண்டு இடங்களில் உடையும்.

முதல் இடம் மேலே நான் வேண்டுமென்றே விட்டுவைத்த ஒரு சொல்லில் இருக்கிறது. "பீமின் மேல்" பரவல் பளு என்றால் 6 மீட்டருக்கா, 8 மீட்டருக்கா? வகுப்பில் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். தாளில் படம் இல்லாவிட்டால் இரண்டும் சரி. 6 மீட்டருக்கு என்று எடுத்தவருக்கு வலது தாங்கியின் எதிர்விசை 50, இடது தாங்கியில் 25 கிலோநியூட்டன். எல்லாம் முழு எண். 8 மீட்டருக்கு என்று எடுத்தவருக்கு 73.33, 21.67 என்று வரும். அவர் செய்தது சரிதான், ஆனால் அடுத்த ஒவ்வொரு படியிலும் தசமத்தோடு மல்லுக்கட்டுவார். "தப்பா போட்டுட்டோமோ" என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார். உங்கள் 21 நிமிடம் அங்கேயே போய்விட்டது. திருத்தும்போதும் அந்த விடைக்கு முழு மார்க் கொடுக்காமல் இருக்க உங்களுக்கு நியாயம் கிடையாது. அதனால் படம் போடுங்கள், அல்லது "இரு தாங்கிகளுக்கு இடையே மட்டும்" என்று எழுதுங்கள். பீமின் சொந்த எடையைச் சேர்க்கவா வேண்டாமா என்பதும் இதே வகைதான். ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

இரண்டாவது இடம், ஒரே சங்கிலியில் எல்லாவற்றையும் கோத்திருப்பது. எதிர்விசை தப்பானால் ஷியர் ஃபோர்ஸ் தப்பு, அது தப்பானால் பெண்டிங் மொமன்ட் தப்பு, அதிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரெஸும் தப்பு. என் முதல் வருடத்தில் நானும் இதே மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்தேன். விடைத்தாள்கள் வந்தபோது பலர் சங்கிலியின் நடுவில் நின்றிருந்தார்கள். பெண்டிங் மொமன்ட் வரைபடம் வரை நன்றாக வந்த மாணவிகூட ஸ்ட்ரெஸ் பகுதியைத் தொடவில்லை. அவளுக்கு பெண்டிங் ஸ்ட்ரெஸ் தெரியாதா, நேரம் போதவில்லையா என்று அந்தத் தாளை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. தாள் திருத்தி முடித்த பிறகும் மாணவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்தக் கேள்வி எதற்கு?

சரி, மாற்றுவோம். வெட்டுவதில் ஆரம்பியுங்கள். ஷீட்டில் உள்ள பகுதிகளில் ஒரே திறமையைச் சோதிப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்து ஓரமாக வையுங்கள். இங்கே ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமன்ட், கான்ட்ராஃப்ளெக்ஷர் மூன்றும் ஒரே குடும்பம். ஸ்ட்ரெஸ் இரண்டும் வேறு குடும்பம், அவை தனிக் கேள்விக்குப் போகட்டும். "பளுவைக் கூட்டினால்" என்பதும் வேறு இடத்துக்கு உதவும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

வெட்டிய பிறகு, கேள்வியை எழுதுவதற்கு முன்னாலேயே விடையை எழுதி மார்க்கைப் பிரியுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். கேள்வியை எழுதிவிட்டு மார்க்கைப் பிரித்தால் 13-க்கு எப்படியாவது பொருத்தத்தான் பார்ப்போம். இந்தக் கணக்கில் விடை இப்படிப் போகிறது. இடது தாங்கியைச் சுற்றி மொமன்ட் எடுத்தால் பரவல் பளுவுக்கு 180, புள்ளிப் பளுவுக்கு 120, கூட்டி 6-ஆல் வகுத்தால் 50; மொத்தப் பளு 75-இல் அதைக் கழித்தால் 25. இதற்கு 2 மார்க். முக்கிய இடங்களில் ஷியர் ஃபோர்ஸ் மதிப்புகளுக்கு 2, வரைபடத்துக்கு 2, ஷியர் ஃபோர்ஸ் பூஜ்யமாகும் இடம் 2.5 மீட்டர் என்பதற்கு 1. அந்த இடத்தில் பெண்டிங் மொமன்ட் 31.25 கிலோநியூட்டன் மீட்டர், அதற்கு 1, வலது தாங்கியில் அது மைனஸ் 30, அதற்கு 1, வரைபடத்துக்கு 2. கான்ட்ராஃப்ளெக்ஷருக்கு `25x − 5x² = 0` என்று எழுத 1, `x = 5` மீட்டர் என்று முடிக்க 1. கூட்டிப் பாருங்கள், 13 வருகிறது. ஒரு மார்க் என்பது மாணவர் பேனாவால் செய்யும் ஒரு செயலாக இருக்க வேண்டும். "புரிதலுக்கு 3 மார்க்" என்று விடைக்குறிப்பில் எழுதினால் திருத்தும் இரண்டு பேர் இரண்டு விதமாகப் போடுவார்கள்.

இந்தப் பிரிவிலிருந்து கேள்வி தானாக உருவாகும்:

> 8 மீட்டர் நீளமுள்ள பீம் ஒன்று இடது முனையிலும், அங்கிருந்து 6 மீட்டர் தொலைவிலும் எளிய தாங்கிகளின் மேல் இருக்கிறது. மீதி 2 மீட்டர் வலது தாங்கிக்கு வெளியே நீண்டிருக்கிறது. இரு தாங்கிகளுக்கு இடையே மட்டும் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சீரான பரவல் பளுவும், வெளி முனையில் 15 கிலோநியூட்டன் புள்ளிப் பளுவும் உள்ளன. பீமின் சொந்த எடையைச் சேர்க்க வேண்டாம். வரைபடங்களுக்கு அளவுத்திட்டம் தேவையில்லை. முக்கிய மதிப்புகளைக் குறித்தால் போதும்.
>
> 1. வலது தாங்கியின் எதிர்விசை 50 கிலோநியூட்டன் என்று காட்டி, இடது தாங்கியின் எதிர்விசையைக் காண்க. (2)
> 2. ஷியர் ஃபோர்ஸ் வரைபடத்தை வரைந்து, அது தாங்கிகளுக்கு இடையே பூஜ்யமாகும் இடத்தைக் காண்க. (5)
> 3. தாங்கிகளுக்கு இடையே உள்ள அதிகபட்ச பெண்டிங் மொமன்டையும், வலது தாங்கியில் உள்ள பெண்டிங் மொமன்டையும் கண்டு, வரைபடத்தை வரைக. (4)
> 4. கான்ட்ராஃப்ளெக்ஷர் புள்ளியைக் காண்க. (2)

இதில் "50 கிலோநியூட்டன் என்று காட்டி" என்பதைக் கவனியுங்கள். அதுதான் சங்கிலி அறுந்து போகாமல் காப்பது. மொமன்ட் எடுப்பதில் தடுமாறியவர்கூட 50-ஐ வைத்துக்கொண்டு மீதி 11 மார்க்குக்கும் முயற்சி செய்யலாம். தப்பாகப் போட்டவருக்கு அங்கேயே தெரிந்துவிடும், நிறுத்தித் திருத்திக்கொள்வார். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. விடை கையில் இருப்பதால் வழியை எழுதாமல் 50 என்று மட்டும் எழுதினால் அதற்கு மார்க் கிடையாது என்று விடைக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும். எதிர்விசை காண்பதையே சோதிக்கும் கேள்வியில் இந்த உத்தியைப் பயன்படுத்தக்கூடாது. பயன்படுத்தாத இடத்தில், முதல் படியின் தப்புக்கு ஒரே ஒருமுறைதான் மார்க் குறைப்பது, பிறகு அவர் எடுத்த எண்ணை வைத்து வழி சரியா என்று பார்ப்பது என்பதை எழுதி வையுங்கள்.

அளவுத்திட்டம் வேண்டாம் என்ற வரியும் நேரத்துக்காகத்தான். அதைச் சொல்லாவிட்டால் கவனமான மாணவர் ஸ்கேலை எடுத்து சென்டிமீட்டர் அளந்து கோடு போடுவார். அழகாக இருக்கும், மூன்று நான்கு நிமிடம் போய்விடும், அதற்கு நாம் மார்க்கும் வைக்கவில்லை.

இனி நேரத்தைச் சோதிக்க வேண்டும். மனசுக்குள் போட்டுப் பார்த்து "பத்து நிமிஷ கணக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். நாலு நாள் கழித்து, விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டு, மாணவர் எழுதுகிற மாதிரி தலைப்பு, படி, வரைபடம், அலகு எல்லாவற்றோடும் எழுதி டைமரில் பாருங்கள். எனக்கு எவ்வளவு ஆகிறதோ அதைப் போல இரண்டரை மடங்கு மாணவருக்கு ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன். இது என் அனுபவத்தில் வந்த கணக்கு; உங்கள் வகுப்புக்கு மூன்று மடங்காக இருக்கலாம், இரண்டு டெஸ்ட் முடிந்தால் தெரிந்துவிடும். மேலே உள்ள கேள்வியை நான் எட்டு நிமிடத்தில் எழுதுகிறேன், ஆக மாணவருக்கு 20. சரியாக இருக்கிறது. உங்களுக்கே 12 நிமிடம் ஆனால் அது 30 நிமிடக் கணக்கு, ஒரு பகுதியை வெட்டத்தான் வேண்டும். மார்க்கைக் கூட்ட முடியாது, 13-க்கு மேல் இடமில்லை. முடிந்தால் இந்தப் பாடத்தை இப்போது எடுக்காத ஒரு சக ஆசிரியரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் எங்கே தலையைத் தூக்கி "இது 6 மீட்டருக்கா?" என்று கேட்கிறாரோ அங்கே கேள்வி தெளிவாக இல்லை.

ஷீட்டில் இருந்த எண்களையே தேர்வில் வைக்க முடியாது, மாற்றுவீர்கள். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புள்ளிப் பளுவை 15-லிருந்து 20 ஆக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் இடது எதிர்விசை 23.33, பூஜ்யமாகும் இடம் 2.333, அதிகபட்ச மொமன்ட் 27.22, கான்ட்ராஃப்ளெக்ஷர் 4.667 என்று எல்லாமே தசமமாகிவிடும். கணக்கின் கடினம் ஒரு துளிகூட மாறவில்லை, கால்குலேட்டர் நேரம் மட்டும் கூடிவிட்டது. இந்த பீமுக்குப் பரவல் பளுவை `w`, புள்ளிப் பளுவை `P` என்று வைத்தால் இடது எதிர்விசை `3w − P/3`. பூஜ்யமாகும் இடம் `3 − P/(3w)`. கான்ட்ராஃப்ளெக்ஷர் அதற்கு இரு மடங்கு தூரத்தில். ஆகவே `P/w` விகிதத்தை 1.5 ஆகவே வைத்துக்கொண்டு எண்களை மாற்றினால் 2.5 மீட்டரும் 5 மீட்டரும் அப்படியே நிற்கும். பரவல் பளு 12, புள்ளிப் பளு 18 என்று வையுங்கள்: எதிர்விசைகள் 30, 60, அதிகபட்ச மொமன்ட் 37.5, வலது தாங்கியில் மைனஸ் 36. விடை எல்லாம் வேறு, நேரம் அதே.

இதே சூத்திரம் ஒரு எல்லையையும் காட்டுகிறது. புள்ளிப் பளு `9w`-ஐத் தொட்டால், அதாவது பரவல் பளு 10-க்கு 90 என்று வைத்தால், இடது எதிர்விசை பூஜ்யம். தாங்கிகளுக்கு இடையே கான்ட்ராஃப்ளெக்ஷர் புள்ளியே கிடையாது. நான்காவது பகுதி செத்துப்போகும், மாணவர் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். எண்ணை மாற்றினால் முழுக் கணக்கையும் கடைசி வரி வரை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளை அனுப்ப வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

'அல்லது' கேள்விக்கு வாருங்கள். ஒரு பக்கம் இந்தக் கணக்கு, மறுபக்கம் "பீம்களின் வகைகளைப் படத்துடன் விளக்குக" என்று வைத்தால் அது தேர்வு இல்லை, தப்பிக்கும் கதவு. பெரும்பாலோர் தியரிக்குப் போய்விடுவார்கள், இந்த யூனிட்டில் யாருக்குக் கணக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. மறுபக்கமும் கணக்காக இருக்கட்டும், உதாரணமாக இரண்டு புள்ளிப் பளுக்கள் உள்ள கேன்டிலீவர் ஒன்று. ஆனால் கேன்டிலீவரில் பளுக்களை வெளி முனையிலிருந்து எண்ணிக்கொண்டே வரலாம், எதிர்விசை காணாமலே வரைபடம் வந்துவிடும். அந்த 2 மார்க் வேலை குறைகிறது, கான்ட்ராஃப்ளெக்ஷரும் இல்லை. ஆகவே ஒரு பரவல் பளுவையும் சேர்த்து, இரண்டையும் டைமரில் எழுதிப் பார்த்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வராமல் சமன் செய்யுங்கள்.

வெட்டி ஓரமாக வைத்த "பளுவைக் கூட்டினால் என்ன ஆகும்" இப்போது பயன்படும். "ஓவர்ஹாங்கிங் பீமின் வெளி முனைப் பளுவைக் கூட்டினால் எதிர் முனைத் தாங்கியின் எதிர்விசை கூடுமா, குறையுமா? காரணம் கூறுக." குறையும் என்பதற்கு 1, பக்கத்துத் தாங்கியைச் சுற்றிய மொமன்டை வைத்துக் காரணம் சொன்னால் 1. மூன்று நிமிடத்தில் முடியும், மனப்பாடம் செய்து எழுத முடியாது. நல்ல 2 மார்க் கேள்விகள் பெரும்பாலும் இப்படிப் பெரிய கணக்குகளின் வெட்டுத் துண்டுகளிலிருந்துதான் கிடைக்கின்றன.

அசைன்மென்ட் கேள்வி வேறு ரகம். "இந்த பீமுக்கு ஏற்ற குறுக்குவெட்டைத் தேர்ந்தெடு" என்று கொடுத்திருப்பீர்கள். மாணவர் ஒரு வாரம் எடுத்து, ஸ்டீல் டேபிளைப் புரட்டி, நண்பரோடு பேசி எழுதுவார். பார்ட் சி-க்கு இதைவிட நல்ல விதை இல்லை, ஆனால் 24 நிமிடத்தில் திறந்த தேடல் நடக்காது. தேடலை நீங்கள் முடித்துக் கொடுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள்:

> ஒரு பீமில் அதிகபட்ச பெண்டிங் மொமன்ட் 28 கிலோநியூட்டன் மீட்டர். அனுமதிக்கப்பட்ட ஸ்ட்ரெஸ் 140 மெகாபாஸ்கல். ஒன்று, 60 மில்லிமீட்டர் அகலமும் 150 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட செவ்வகம். மற்றது, மொத்த ஆழம் 200, இறக்கைகள் 100 × 10, நடுத்தண்டின் தடிப்பு 6 மில்லிமீட்டர் கொண்ட ஐ வடிவம். இரண்டும் இந்த மொமன்டைத் தாங்குமா? எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்? (15)

செவ்வகத்தின் செக்ஷன் மாடுலஸ் 2,25,000 கன மில்லிமீட்டர், ஸ்ட்ரெஸ் 124.4. ஐ வடிவத்துக்கு 2,09,827, ஸ்ட்ரெஸ் 133.4. இரண்டுமே தாங்கும். ஆனால் பரப்பளவைப் பாருங்கள்: 9,000 சதுர மில்லிமீட்டருக்கு எதிராக 3,080. மூன்றில் ஒரு பங்கு இரும்பில் அதே வேலை. நியூட்ரல் ஆக்ஸிஸிலிருந்து தள்ளி இறக்கைகளில் பொருள் குவிந்திருப்பதால் என்று காரணம் எழுத வேண்டும். மார்க்கை செவ்வகத்துக்கு 4, ஐ வடிவத்துக்கு 7, பரப்பளவு ஒப்பீட்டுக்கு 2, காரணத்தோடு முடிவுக்கு 2 என்று பிரிக்கிறேன். இரண்டில் ஒன்று தாங்காது என்று எண்களை வைத்தால் முடிவு தானாக வந்துவிடும், யோசிக்க இடமிருக்காது. இரண்டும் தாங்கும்போதுதான் "எதை, ஏன்" என்ற கேள்விக்கு உயிர் வருகிறது.

மொமன்டை 28 என்று வேறாக வைத்ததற்கும் காரணம் உண்டு. முதலில் பார்ட் பி-யின் 31.25-ஐயே இங்கே போட்டிருந்தேன். அப்படி வைத்தால் தாளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டும் மாணவருக்கு அந்த 13 மார்க் கேள்வியின் ஒரு விடை இலவசமாகக் கிடைக்கும். தாளை முழுதாகக் கோத்த பிறகு, ஒரு கேள்வியின் தரவு இன்னொரு கேள்வியின் விடையாகிறதா என்று பார்க்க மட்டும் ஒருமுறை படியுங்கள்.

டெஸ்ட் முடிந்ததும், திருத்தும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் எந்தப் பகுதியில் நின்றார் என்று ஒரு கோடு போடுங்கள். பலர் ஒரே படியில், பாதி வாக்கியத்தில் நின்றிருந்தால் நேரம் போதவில்லை. அந்தப் படியை முழுதாக எழுதித் தப்பாகப் போட்டிருந்தால் அது பாடம் புரியாததால் வந்த தப்பு, அதை வகுப்பில் எடுக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் நாலைந்து பேரும் கடைசிக் கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தால் தாள் நீளம். அடுத்த முறை அதே கேள்வியைப் பயன்படுத்தும்போது எங்கே வெட்ட வேண்டும் என்பதை அந்தக் கோடுகள் காட்டிவிடும். உங்கள் முதல் டெஸ்ட் தாள்கள் இன்னும் கையில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். முடிக்காத அந்தப் பாதிப் பேர் எந்த வரியில் நின்றார்கள் என்பது அதில் இருக்கிறது.